"ரீஸ்டார்ட் பண்ணினேன், வந்துட்டு": வாடிக்கையாளர் சாட்டைக் குறிப்பாகச் சுருக்கும்போது வரும் கோளாறுகளும் அவற்றைப் பிடிக்கும் வழியும்

செங்கோட்டையில் ஒரு ஃபைபர் இணைப்பு நிலையத்தில் வாடிக்கையாளர் சாட் பார்க்கிற வேலை எனக்கு. பேச்சு முடிந்ததும் அதைக் குறிப்பாகச் சுருக்கிக் கம்ப்ளைண்டோடு சேர்த்து வைக்க வேண்டும். என்ன கோளாறு, என்னென்ன செய்து பார்த்தோம், எது தீர்த்தது என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். அதே வீட்டிலிருந்து மறுபடி புகார் வரும்போது டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவர் அந்தப் பத்து வரியைத்தான் படிப்பார். நூற்று நாற்பது செய்திகளை முதலிலிருந்து படிக்க யாருக்கும் நேரம் இருக்காது.

குறிப்பு தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்பதைப் புளியரை மளிகைக்கடை அண்ணாச்சியின் சாட்டில் கற்றுக்கொண்டேன். ஜூலை மாதம், இரண்டு நாள், 143 செய்திகள். "நெட்டு வருது, போகுது" என்பது புகார். கடைசிச் செய்தி: "ரீஸ்டார்ட் பண்ணேன், வந்துட்டு. ரொம்ப நன்றி தம்பி." நானும் "தீர்வு: ரீஸ்டார்ட்" என்று எழுதி மூடிவிட்டேன். மூன்று வாரம் கழித்து அதே கோளாறு வந்தது. அன்றைக்கு டெஸ்க்கில் இருந்த பையன் என் குறிப்பை நம்பி அண்ணாச்சியை நான்கு முறை ரீஸ்டார்ட் பண்ண வைத்தான். அரை நாள் வியாபாரம் போயிற்று. அண்ணாச்சி திட்டியது அவனைத்தான், எழுதியவன் நான்.

அதற்கப்புறம் அந்த 143 செய்திகளையும் உட்கார்ந்து படித்தேன். குறிப்பில் வரக்கூடிய கோளாறுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு சாட்டிலேயே இருந்தன. கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் குறிப்பில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

## அறிகுறி: குறிப்பில் உள்ள தீர்வைச் செய்தும் கோளாறு போகவில்லை

கடைசியாகச் செய்ததையே தீர்வு என்று எழுதியிருப்பீர்கள். அடிக்கடி நடப்பதும் எளிதில் பிடிபடுவதும் இதுதான். சாட்டின் வால் பகுதியில் "வந்துட்டு, நன்றி" என்று இருக்கும், அதற்கு முந்தின வரியில் ஏதோ ஒரு செயல் இருக்கும், கை தானாக அதை எழுதிவிடும்.

சோதனை சுலபம். தீர்வு என்று எழுதிய அதே செயல் சாட்டில் முன்பும் வருகிறதா என்று தேடுங்கள். "restart" என்று தேடினால் அண்ணாச்சி சாட்டில் ஆறு இடத்தில் வருகிறது. முதல் ஐந்து தடவை தீர்க்காதது ஆறாம் தடவை மட்டும் எப்படித் தீர்த்தது? ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் வேறேதோ நடந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும்வரை தீர்வு என்ற கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

இரண்டு செயலை ஒரே மூச்சில் செய்திருப்பார்கள். "அடாப்டரை மாத்தி, வயரையும் கழட்டி மாட்டினேன், வந்துட்டு" என்றால் எது வேலை செய்தது என்று சாட்டைப் படித்துச் சொல்ல முடியாது. வாடிக்கையாளர் இன்னும் சாட்டில் இருந்தால் பழைய அடாப்டரை ஒரு முறை போட்டுப் பார்க்கச் சொல்லலாம். பழையதிலும் ஓடினால் அடாப்டர் குற்றவாளி இல்லை. அவர் போய்விட்டிருந்தால் "அடாப்டர் மாற்றம், வயர் மறுமாட்டல் இரண்டும் சேர்ந்து, எது என்று தனியாகப் பார்க்கவில்லை" என்றே எழுதுங்கள். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் அடுத்து வருகிறவர் புது அடாப்டருக்குக் காசு செலவழிக்கச் சொல்லும் முன் வயரைத் தொட்டுப் பார்ப்பார்.

தீர்வு சாட்டுக்கு வெளியே நடந்திருக்கும். கண்டுபிடிக்க அதிக மெனக்கெட வேண்டியது இது. சாட்டில் எழுதாமல் ஃபோனில் பேசியிருப்பார்கள், லைன்மேன் நேரில் போயிருப்பார், பக்கத்து வீட்டுப் பையன் எதையாவது சொருகியிருப்பான். இதைக் காட்டிக்கொடுப்பது நேர இடைவெளிதான். இரண்டு நிமிடத்துக்கு ஒரு செய்தி ஓடிக்கொண்டிருந்த சாட்டில் திடீரென்று ஒன்றே முக்கால் மணி நேரம் சத்தமே இல்லை என்றால் அந்த ஓட்டைக்குள் ஏதோ இருக்கிறது.

அண்ணாச்சி சாட்டில் அப்படித்தான். இரண்டாம் நாள் 3:58-க்கு "லைன்மேனை அனுப்புறேன் அண்ணாச்சி" என்பது என் செய்தி. அடுத்தது 5:40-க்கு அந்த நன்றிச் செய்தி. நடுவில் நடந்தது எதுவும் சாட்டில் இல்லை. நானும் கேட்கவில்லை.

இந்தக் கட்டத்துக்கு வந்தால் சாட்டை மூடி வைத்துவிட்டு லைன்மேனுக்கு ஃபோன் போடுங்கள். "சரி பண்ணியாச்சா?" என்று கேட்டால் "ஆச்சு" என்ற ஒரு சொல்தான் கிடைக்கும். "போனதும் முதல்ல எதைத் தொட்டீங்க, என்ன பார்த்தீங்க, எதை வெட்டுனீங்க?" என்று கேட்க வேண்டும். அன்றைக்கே கேட்பது நல்லது. நாளைக்கு இருபது வீடு ஏறி இறங்கியிருப்பார், எந்தக் கடை என்றே நினைவிருக்காது.

## அறிகுறி: "செய்தாயிற்று" என்று குறிப்பு சொல்கிறது, ஆனால் நடந்த தடயம் இல்லை

முதல் நாள் காலை நடந்ததைப் பாருங்கள்.

> 10:12 அண்ணாச்சி: தம்பி நெட்டு போயிட்டு. பில்லு போட முடியல
> 10:14 நான்: பாக்ஸை ஆஃப் பண்ணி ஒரு நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணுங்க அண்ணாச்சி
> 10:14 அண்ணாச்சி: சரி
> 10:31 அண்ணாச்சி: இப்பம் வந்துட்டு

இதைப் படித்தால் யாருக்கும் "ரீஸ்டார்ட் செய்தார், வந்தது" என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பின்னாளில் சர்வர் பதிவைத் திறந்து பார்த்தபோது, அன்று மதியம் எடுத்த கணக்கில் அந்த பாக்ஸ் பதினோரு நாளாக அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தொடவே இல்லை. கடையில் ஆள் நின்றதால் சரக்குப் போடப் போய்விட்டார், நெட் தானாக வந்தது. அவர் பொய் சொல்லவில்லை. "சரி" என்றார், "வந்துட்டு" என்றார். நடுவில் "செய்தேன்" என்ற சொல் இல்லை. அதை நான் போட்டுக்கொண்டேன்.

"சரி" என்பதைச் "செய்தேன்" என்று படித்திருப்பீர்கள். "சரி", "ஓகே", கட்டைவிரல் படம் எல்லாமே கேட்டுக்கொண்டதற்கு அடையாளம், அவ்வளவுதான். வினைச்சொல் வந்தால்தான் செயல்: "ஆஃப் பண்ணேன்", "கழட்டுனேன்", "மாத்திட்டேன்". வினைச்சொல் இல்லாத படியைக் குறிப்பில் "சொல்லப்பட்டது, செய்தது உறுதியில்லை" என்று எழுதுகிறேன்.

செய்திருப்பார், வேறொன்றைச் செய்திருப்பார். "ரீஸ்டார்ட்" என்றால் சிலர் பாக்ஸின் பின்னால் இருக்கும் வைஃபை பொத்தானை அமுக்குவார்கள். சிலர் கைப்பேசியையே அணைத்துப் போடுவார்கள். இங்கே நேரத்தைப் பாருங்கள். பாக்ஸ் அணைந்து, எழுந்து, லைன் பிடித்து, நெட் வர எப்படியும் இரண்டு மூன்று நிமிடம் ஆகும். "ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்ற இருபதாவது நொடியில் "பண்ணிட்டேன் வரல" என்று பதில் வந்தால் அது ரீஸ்டார்ட் ஆக இருக்க வழியில்லை.

படம் இருக்கும், குறிப்பெழுதியவர் திறந்திருக்க மாட்டார். சாட்டை மீடியா இல்லாமல் எழுத்துக் கோப்பாக இறக்கினால் படம் இருந்த இடத்தில் `<Media omitted>` என்று மட்டும் நிற்கும். கோப்பை மட்டும் வைத்துச் சுருக்குகிறவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். அண்ணாச்சி முதல் நாள் மாலை அனுப்பிய படத்தில் `LOS` விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. ஃபைபர் வயர் வழியாக பாக்ஸுக்கு ஒளி வரவில்லை என்று அதற்கு அர்த்தம். வைஃபை, பாஸ்வேர்டு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. படத்தைத் திறந்து "4:52 படம்: LOS சிவப்பு" என்று ஒரு வரி எழுதியிருந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்திருக்கும்.

இவை எதிலும் தெளிவு கிடைக்காவிட்டால் சர்வர் பதிவு பார்க்க அனுமதி உள்ளவரிடம் போங்கள். லைன் எப்போது விழுந்தது, எப்போது ஏறியது, பாக்ஸ் எத்தனை நேரமாக ஓடுகிறது என்ற மூன்றையும் கேட்டு வாங்கி, சாட்டின் ஓரத்தில் நேரம் பார்த்துக் குறியுங்கள். பதிவும் சாட்டும் முரண்பட்டால் நேர விஷயத்தில் பதிவை நம்புங்கள். கடைக்குள் என்ன நடந்தது என்பதற்கு மனிதரைத்தான் நம்ப வேண்டும்.

## அறிகுறி: நெட் வந்ததா, போனதா என்றே குறிப்பில் புரியவில்லை

இது எங்கள் பக்கத்துக்கே உரிய தொல்லை. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை தமிழ்நாட்டில் இல்லை, திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர். இன்றைக்கும் புளியரை தாண்டினால் ஆரியங்காவு, அங்கிருந்து மலையாளம். சாட்டில் இரண்டும் கலந்து வரும், அதுவும் ஆங்கில எழுத்தில்.

முதலில் நம் தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் "வந்துட்டு" என்றால் வந்துவிட்டது என்று பொருள். "போயிட்டு" என்றால் போய்விட்டது. வேறு ஊர்களில் "வந்துட்டு" என்றால் வந்த பிறகு என்று ஆகும், அடுத்து ஏதோ சொல்லப்போகிறார் என்று காத்திருப்பார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு தோழர் எங்கள் டெஸ்க்கில் இருந்தார். "நெட்டு வந்துட்டு" என்ற செய்தியை அவர் "நெட் வந்த பிறகு (வாடிக்கையாளர் முடிக்கவில்லை)" என்று குறிப்பில் ஏற்றியிருந்தார். அதை முடியாத புகார் என்று வைத்து இரண்டு நாள் துரத்தினோம். அங்கே லைன் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

மலையாளம் கலந்தால் இன்னும் ஒரு படி மேலே போகும். "சரி" என்றால் அவர்களுக்கும் ஆகட்டும் என்றுதான் பொருள். "சரியாயி" என்றால் சரியாகிவிட்டது. ஆங்கில எழுத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே நாலே எழுத்து: `sheri`, `sheriyayi`. வேகமாகப் படிக்கிறவர் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டால், சொன்ன படியும் தீர்ந்த கோளாறும் ஒன்றாகிவிடும். "கிட்டுந்நில்ல" என்று வந்தால் கிடைக்கவில்லை என்று அர்த்தம். "கிட்ட இல்லை", அதாவது பாக்ஸ் பக்கத்தில் ஆள் இல்லை, என்று ஒரு குறிப்பில் ஏறியதை நானே பார்த்திருக்கிறேன்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். வந்தது, போனது என்ற முடிவை மட்டும் உங்கள் சொல்லில் மாற்றாமல் வாடிக்கையாளர் எழுதிய எழுத்திலேயே குறிப்பில் வையுங்கள், பக்கத்தில் பொருளை எழுதுங்கள். தப்பாகப் புரிந்திருந்தாலும் அடுத்தவர் மூலத்தைப் பார்த்துத் திருத்திவிடுவார். தேடும்போதும் ஒரே எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். `vandhu`, `vanthu`, `vannu` மூன்றையும் தேடிப் பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் அந்த ஊர்க்காரர் ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். எங்களிடம் ஆரியங்காவுப் பக்கம் பெண் எடுத்த லைன்மேன் ஒருவர் இருக்கிறார், அகராதி எல்லாம் அவர்தான்.

## அறிகுறி: ஒரு படி வேலை செய்தது போலவும் செய்யாதது போலவும் இருக்கிறது

இரண்டு கோளாறு ஒரே சாட்டில் கலந்திருக்கும். அண்ணாச்சியின் வீடு கடைக்கு மேலே மாடியில். முதல் நாள் மாலை நடுவில் ஒரு செய்தி: "மாடியில வீட்டுக்காரி போன்லயும் வரல." நான் அவரை 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை பெயரை விட்டு 2.4 பெயரில் இணையச் சொன்னேன், கீழே இருக்கும் பாக்ஸிலிருந்து தளம் தாண்டி மேலே அது சற்று நன்றாகவே எட்டும். அது வேலை செய்தது. அது ஒரு தனிக் கதை, தனித் தீர்வு. அதற்கும் கடை பில் மிஷின் நின்றதற்கும் சம்பந்தமில்லை.

பிரிக்க ஒரு கேள்வி போதும்: கோளாறு இருக்கும் நேரத்தில் எல்லாச் சாதனத்திலும் இல்லையா, ஒன்றில் மட்டுமா? பில் மிஷின் பாக்ஸோடு வயரில் இணைந்தது. அது நின்றால் வைஃபை மேல் பழி போட முடியாது. இரண்டு கோளாறு என்று தெரிந்ததும் இரண்டு குறிப்பாக எழுதிவிடுங்கள். ஒரே கம்ப்ளைண்ட் எண்ணுக்குக் கீழே என்றாலும் பரவாயில்லை.

## அறிகுறி: படிகள் எல்லாம் சரியாக இருக்கின்றன, ஆனால் காரணம் எங்கும் இல்லை

துப்பை வெட்டியெறிந்திருப்பீர்கள். சுருக்கும்போது முதலில் வெட்டுவது ஊர்ப்பேச்சைத்தானே. வணக்கம், சாப்பிட்டாச்சா, மழை எப்படி, வியாபாரம் எப்படி என்பதெல்லாம் போய்விடும். பெரும்பாலும் அது சரி. ஆனால் கோளாறு விட்டு விட்டு வருகிற வகை என்றால், கோளாறு வந்த நிமிடத்துக்கு முன்னும் பின்னும் உள்ள ஊர்ப்பேச்சைத் தொடக்கூடாது.

அண்ணாச்சி சாட்டில் 61-ஆவது செய்தி இது:

> 4:41 அண்ணாச்சி: மறுபடி போயிட்டு. சாரல் வேற அடிக்கி, ஷட்டரைப் பாதி இறக்கிட்டு உக்காந்திருக்கேன்

அதற்கு என் பதில் "ஆமா அண்ணாச்சி, இங்கயும் நல்ல சாரல்". அத்தோடு விட்டேன். ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும் மாதம் அது. சாரலைப் பற்றிப் பேசாத சாட்டே இருக்காது. முதல் குறிப்பில் "மழை நேரத்தில்" என்றுகூட எழுதவில்லை. சாரலைப் பார்த்திருந்தாலும் காற்றில் வயர் ஆடுகிறது என்றுதான் நினைத்திருப்பேன். ஷட்டரை நினைத்திருக்க மாட்டேன்.

இதைப் பிடிக்க நான் இப்போது செய்வது: ஒரு தாளில் லைன் விழுந்த நேரங்களையும் ஏறிய நேரங்களையும் மட்டும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அந்தப் பதினைந்து நிமிடத்தில் வாடிக்கையாளர் எழுதியதை அப்படியே ஒட்டுகிறேன். அண்ணாச்சிக்கு அப்படி ஒட்டிப் பார்த்தபோது நான்கு விழுதல்களில் மூன்றில் சாரல் வந்தது, இரண்டில் ஷட்டர் வந்தது. இரவு முழுக்க லைன் விழவே இல்லை, இரவிலும் சாரல் அடித்திருந்தது. அப்படியென்றால் மழை காரணமில்லை. இரவில் இல்லாதது, பகலில் சாரலோடு வருவது எது?

ஒளி அளவும் இதையே சொன்னது. இரண்டாம் நாள் காலை 11:05-க்கு பாக்ஸுக்கு வந்த ஒளி -21.4 dBm, நல்ல அளவு. மாலை 3:50-க்கு -27.6, இரண்டு நிமிடத்தில் லைன் விழுந்தது. கழித்தல் குறிக்குப் பின்னால் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு, -27 தாண்டினால் பாக்ஸ் தாங்குவது கடினம். பாக்ஸோ அடாப்டரோ கெட்டால் ஒளி இப்படி இறங்காது. வழியில் எங்கோ வயர் மடங்குகிறது. இந்த இரண்டு எண்களும் சாட்டிலேயே இருந்தன, நானே தட்டியவை. முதல் குறிப்பில் அவற்றை "சிக்னல் பார்க்கப்பட்டது" என்று சுருக்கியிருந்தேன். அப்படி ஒரு வரி எழுதுவதற்கு எழுதாமலே இருக்கலாம். எண் இருந்தால் எண்ணை எழுதுங்கள், எடுத்த நேரத்தோடு.

## லைன்மேன் சொன்னது

மூன்று வாரம் கழித்து அவரிடம் கேட்டேன். நல்லவேளை, அந்தக் கடை அவருக்கு மறக்கவில்லை. ஃபைபர் வயர் ஷட்டரின் பக்கச் சட்டம் ஓரமாக உள்ளே வந்து, இடுப்பு உயரத்தில் ஒரு வளையமாகத் தொங்கியிருக்கிறது. ஷட்டரின் அடிப்பட்டையில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் பூட்டு நாக்கு, பாதி இறக்கும்போது சரியாக அந்த வளையத்தில் போய் அழுத்தும். முழுக்க ஏற்றினால் படாது. முழுக்க இறக்கினால் வளையத்தைத் தாண்டிக் கீழே போய்விடும். அதனால்தான் இரவில் கோளாறு இல்லை. சாரல் உள்ளே தெறிக்காமல் இருக்க அண்ணாச்சி பாதி இறக்குவார், நெட் போகும். சாரல் நின்றதும் ஏற்றுவார், நெட் வரும். முதல் நாள் காலை 10:31-க்கு வந்தது அப்படி வந்ததுதான்.

லைன்மேன் மடங்கிய பகுதியை வெட்டி, புது கனெக்டர் போட்டு, வயரை ஷட்டர் பெட்டிக்கு மேலே உள்ள காற்றுத் துளை வழியாகக் கொண்டுபோய்க் கிளிப் அடித்திருக்கிறார். முடித்ததும் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்து அளவெடுத்திருக்கிறார், -20.9. ஏற்றி வைத்தும் அதே அளவு. கடைசியில் அண்ணாச்சியிடம் "பாக்ஸை ஒருக்கா அணைச்சுப் போடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அண்ணாச்சி அதைச் செய்தார், நெட் வந்தது, எனக்கு எழுதினார். அவர் கண்ணுக்குத் தெரிந்தது அதுதான்.

இரண்டாவது புகார் வந்ததற்குக் காரணம், பெயர்ப்பலகை மாட்ட வந்தவர்கள் கிளிப்பைப் பிடுங்கி வயரைப் பழைய இடத்திலேயே தொங்கவிட்டுவிட்டுப் போனது. ஷட்டர் என்ற சொல் என் குறிப்பில் இருந்திருந்தால் அது ஒரே கேள்வியில் முடிந்திருக்கும்.

## எங்கே நிறுத்தி, வேறு ஆளைக் கூப்பிடுவது

விட்டு விட்டு வரும் கோளாறில் "நன்றி" வந்தவுடன் தீர்வு என்று எழுத உங்களுக்கு உரிமை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கோளாறு வந்த அதே நிலையை மறுபடி உண்டாக்கிப் பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த நிலை தானாக வந்து போகும்வரை காத்திருக்க வேண்டும். லைன்மேன் ஷட்டரைப் பாதி இறக்கி அளந்தது முதல் வகை. அது இல்லாதபோது நான் இப்போது "கவனிப்பில்" என்று போட்டு, இரண்டு சாரல் நாள் தாண்டியதும் அண்ணாச்சிகளுக்கு ஃபோன் செய்து கேட்டு மூடுகிறேன். சாரல் இல்லாத மாதத்தில் இது கொஞ்சம் இழுக்கும். மேலாளருக்குப் பிடிக்காது, திறந்த கம்ப்ளைண்ட் எண்ணிக்கை கூடும்.

சாட்டையும் பதிவையும் ஒட்டிப் பார்த்தும் காரணம் தெரியவில்லை என்றால் ஊகத்தைத் தீர்வுக் கட்டத்தில் போடாதீர்கள். வாடிக்கையாளருக்கு ஒரு ஃபோன், லைன்மேனுக்கு ஒரு ஃபோன். இரண்டிலும் கிடைக்காவிட்டால் "காரணம் தெரியவில்லை, கோளாறு தற்போது இல்லை" என்று எழுதி மூத்த டெக்னீஷியனிடம் தள்ளிவிடுங்கள். இன்னொன்று: சாட்டில் வாடிக்கையாளர் அனுப்பிய வைஃபை பாஸ்வேர்டு, லாகின் பெயர் எதையும் குறிப்பில் ஏற்றாதீர்கள். மாற்றியிருந்தால் "மாற்றப்பட்டது" என்று மட்டும் போதும்.

அண்ணாச்சியின் குறிப்பைத் திருத்தி எழுதினேன். இப்போது அது இப்படி இருக்கிறது:

> கோளாறு 1: கடை, வயரில் உள்ள பில் மிஷின் உட்பட எல்லாவற்றிலும் நெட் விட்டு விட்டுப் போகிறது. இரண்டு நாளில் நான்கு முறை, எல்லாம் பகலில். இரவில் இல்லை. மூன்று முறை சாரல் நேரம்.
>
> செய்தது: ரீஸ்டார்ட், முதல் நாள் காலை: சொல்லப்பட்டது, செய்யவில்லை (பாக்ஸ் 11 நாளாக ஓடியதாகப் பதிவு). பின்னர் செய்த ரீஸ்டார்ட்களில் பலன் இல்லை. அடாப்டர் மாற்றம், இரண்டாம் நாள் காலை: லைன் ஏற்கெனவே இருந்தபோது மாற்றியது, அன்று மாலை மறுபடி விழுந்தது, எனவே காரணம் அதுவல்ல. முதல் நாள் 4:52 படம்: LOS சிவப்பு. ஒளி: இரண்டாம் நாள் 11:05 -21.4, 3:50 -27.6, 3:52 லைன் விழுந்தது.
>
> காரணம்: ஷட்டர் பாதி இறங்கும்போது பூட்டு நாக்கு ஃபைபர் வயரை மடக்குகிறது. முழுக்க இறக்கினாலும் ஏற்றினாலும் இல்லை. (லைன்மேன், ஃபோனில்)
>
> தீர்வு: வயர் ஷட்டர் பெட்டிக்கு மேல் காற்றுத் துளை வழியாக மாற்றம், புது கனெக்டர். ஷட்டர் பாதி இறக்கி அளந்தது -20.9. வாடிக்கையாளர் சொன்னது: "ரீஸ்டார்ட் பண்ணேன், வந்துட்டு" (= வந்துவிட்டது).
>
> மறுபடி வந்தால் முதலில் கேட்க: ஷட்டர் இப்போது எந்த உயரத்தில் இருக்கிறது? வயர் மேலே கிளிப்பில் இருக்கிறதா?
>
> கோளாறு 2 (தனி): மாடியில் கைப்பேசிக்கு வைஃபை எட்டவில்லை. 2.4 பெயருக்கு மாற்றியதும் சரி.